மெஷின் நேரம் குறைந்தால் அடக்கவிலையும் குறைந்துவிடுமா?

“ஸ்பெஷல் புஷ் மாசம் 1,000 பீஸ், மெஷினுக்கு 100 மணிதான். மொத்த ஓவர்ஹெட் 6 லட்சம், மொத்த மெஷின் நேரம் 2,000 மணி. பீஸுக்கு 30 ரூபாய்தான் வருது, கணக்குல நல்ல லாபம். ஆனா இந்த ஆர்டர் கூடக்கூட மாச லாபம் குறையுது, ஏன்?”

மணிக்கு 300 ரூபாய் என்ற ஒரே விகிதம்தான் வில்லன், சார். மெஷின் ஓடாத நேரத்தில் நடக்கும் வேலையை அது பார்ப்பதில்லை. ஜாப் கார்டை எடுத்து, இந்த புஷ்ஷுக்காக மெஷினைத் தயார்செய்யும் செட்டப் மாதம் எத்தனை என்று எண்ணுங்கள். 40 பீஸ் லாட்டாகப் போட்டால் 25 வரும்.

எல்லா ஐட்டத்துக்கும் சேர்த்து மாத மொத்தம் 40 செட்டப் என்றும், செட்டர் சம்பளம், முதல் பீஸ் சோதனை, அதில் போகும் ஸ்கிராப் எல்லாம் சேர்ந்து 2 லட்சம் என்றும் வைத்துக்கொள்வோம். ஒரு செட்டப் 5,000 ரூபாய். உங்கள் புஷ்ஷுக்கு 1,25,000. மீதி 4 லட்சம் மெஷின் ஓட்டம், மணிக்கு 200, அதில் 20,000. ஆக 1,45,000, பீஸுக்கு 145 ரூபாய். பாக்கி 115 ரூபாயை இதுவரை உங்கள் ரெகுலர் ஐட்டம்தான் சுமந்தது. அதற்கு நீங்கள் சொல்லும் விலையும் அதனால் ஏறியிருக்கும்.

உடனே ஆர்டரை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தினாலும் செட்டர் சம்பளம் போய்க்கொண்டுதான் இருக்கும். முதலில் லாட்டை 100 பீஸாக்கக் கேளுங்கள். மறுத்தால், கொட்டேஷனில் செட்டப் சார்ஜைத் தனி வரியாகப் போடுங்கள்.