மணி பன்னிரண்டரைக்கு ஒரு கவிதை

கேள்வி: துபாயில் எங்கள் தமிழ் அமைப்பின் கலை மாலையில், கட்டடத் தொழிலாளி பேசுவதுபோல் மூன்று நிமிடக் கவிதை வாசிக்க வேண்டும். நான் அலுவலக வேலையில் இருப்பவன். எழுதிப் பார்த்தால் எல்லாம் "பாலைவனம், கண்ணீர், தாய்மடி" என்றே வருகிறது. எப்படி எழுதுவது?

"தொழிலாளி" என்ற பொது ஆள் பேசினால் அப்படித்தான் வரும். அகப்பாட்டில் முதலில் கேட்பது "இது யார் கூற்று, யாரிடம்?" என்பதுதான். உங்கள் கவிதைக்கும் அதையே முடிவு செய்யுங்கள். கம்பி கட்டுகிறவர், ஊரில் இருக்கும் மனைவியிடம், போனில் பேசுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மேடையில் மனைவியின் குரல் கேட்காது. அவர் சொல்லும் பதிலை வைத்துத்தான் அவள் என்ன கேட்டாள் என்று சபை ஊகிக்க வேண்டும்.

அடுத்தது பொழுது. பொருள் தேடப் பிரிவதைப் பாடும் பாலைத் திணைக்குப் பெரும்பொழுது வேனில், சிறுபொழுது நண்பகல். அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12:30 முதல் 3 மணி வரை நேர்வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்று சட்டம். திணையின் பொழுது அப்படியே கையில் கிடைக்கிறது, விடாதீர்கள்.

இப்போது ஊர்க் கடிகாரத்தைப் பக்கத்தில் வையுங்கள். இந்தியா ஒன்றரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. இங்கே இடைவேளை தொடங்கும்போது அங்கே மணி 2, முடியும்போது 4:30. பள்ளிக்கூடம் நாலேகால் வாக்கில் விடுகிறது என்றால், மகள் வீட்டுக்குள் நுழையும் நேரமும் இவர் எழுந்து போக வேண்டிய நேரமும் ஒன்று. கவிதை அந்த இடத்தில்தான் இருக்கிறது. கண்ணீர் என்று ஒரு சொல் தேவைப்படாது.

மாதிரிக்கு ஒன்று:

பன்னெண்டரை. விசில் ஊதிட்டாங்க.
கையுறையைக் கழட்டி வச்சுட்டேன்.
உனக்கு மணி ரெண்டு இருக்கும்.
சாப்பிட்டியா?
நான் சாப்பிட்டேன்.
காலையில அஞ்சு மணிக்குக் கட்டுன டப்பா,
நல்லாத்தான் இருந்துச்சு.
வெயிலா? இங்க என்ன வெயில்,
கம்பியைத் தொட்டாத்தான் தெரியும்.
பாப்பா வந்துட்டாளா?
நாலேகாலுக்குத்தான் விடுவாங்கன்னு
எனக்குத் தெரியாதா, சும்மா கேட்டேன்.
சரி, மூணாச்சு.
உங்க பக்கம் கேட்டு திறக்குற சத்தம்.
எங்க பக்கம் விசில்.
ராத்திரி கூப்பிடுறேன்னு சொல்லு,
முழிச்சிருந்தா.

இதில் வேலை செய்வது "நல்லாத்தான்" என்ற சொல். விடிகாலையில் கட்டிய சோறு அந்தச் சூட்டில் நண்பகலுக்குள் புளித்துப்போகும் என்பது கேம்ப் வாழ்க்கை தெரிந்தவர்களுக்குத் தெரியும். "கெட்டுப்போன சோறு தின்றேன்" என்று எழுதினால் அது மனு ஆகிவிடும். மனைவியிடம் யாரும் அப்படிச் சொல்வதில்லை, மறைக்கத்தான் பார்ப்பார்கள். பேசுகிறவர் மறைக்கட்டும், சபை கண்டுபிடிக்கட்டும்.

மாதிரி 17 வரி. இடைவெளி விட்டுப் படித்தால் ஒன்றேகால் நிமிடம் போகும். மூன்று நிமிடத்துக்கு 40 வரிக்குள் நிறுத்துங்கள். நீட்ட வேண்டுமானால் புதிய துயரங்களைச் சேர்க்காதீர்கள். அதே அழைப்புக்குள் வீட்டுப் பேச்சைக் கூட்டுங்கள்: கரண்ட் பில், மாமனாரின் மாத்திரை, சீட்டுப் பணம்.

வழக்கமாகச் சறுக்குவது தகவலில். "வாட்ஸ்அப் வீடியோ காலில் உன் முகம்" என்று ஒரு வரி வந்தால் பின்வரிசையில் சிரிப்பார்கள். அமீரகத்தில் வாட்ஸ்அப்பில் செய்திதான் போகும், ஊருக்குப் பேச போட்டிம் மாதிரி வேறு செயலி. அதேபோல், ஜனவரியில் நடக்கும் கவிதையில் மதிய இடைவேளைச் சட்டத்தைக் கொண்டுவந்தாலும் பிழை. பேச்சுவழக்கும் கலையக் கூடாது. "கழட்டி வச்சுட்டேன்" என்று தொடங்கியவர் பத்தாவது வரியில் "வியர்வை முத்துக்கள்" என்றால், அங்கே பேசுவது நீங்கள்தான்.

எழுதியதும் சைட்டில் வேலை செய்யும் ஒருவரிடம் படித்துக் காட்டுங்கள். "நல்லா இருக்கா?" என்று கேட்டால் மரியாதைக்கு நல்லா இருக்கு என்பார். "நேரம் சரியா? சாப்பாடு சரியா? வீட்டில் இப்படிப் பேசுவீங்களா?" என்று கேளுங்கள். மூன்றாவதற்கு அவர் சிரித்துக்கொண்டே திருத்துவார், அந்தத் திருத்தத்தை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

மேடையில் ஹெல்மெட்டும் மஞ்சள் சட்டையும் வேண்டாம். உண்மையாக அதைப் போட்டு நிற்பவர்கள் சபையில் இருந்தால் அது மாறுவேடப் போட்டிபோல ஆகிவிடும். பின்னணியில் சோகப் புல்லாங்குழலும் வேண்டாம். மனைவி பேசுவதாக நீங்கள் விடும் மௌனத்தை அது மூடிவிடும். அவள் கேள்வி விழும் இடங்களில், "வெயிலா?" என்பதற்கு முன் கட்டாயம், இரண்டு நொடி வாய் திறக்காமல் நில்லுங்கள். கடைசி வரிக்குக் குரல் உயர வேண்டாம். விசில் ஊதிவிட்டது, அவர் ஏற்கெனவே எழுந்துவிட்டார்.