‘தைராய்டு மாத்திரை’ என்று மட்டும் சொல்லாதீர்கள்

*எனக்கு வயது 34. தைராய்டு அதிகமாகச் சுரக்கிறது, கிரேவ்ஸ் நோய் என்று சொல்லி கார்பிமசோல் தினமும் 30 மி.கி. கொடுத்தார்கள். ஏழு வாரம் ஆகிறது. ஃப்ரீ டி4 அளவு 4.8-இலிருந்து 1.3-க்கு வந்துவிட்டது. ஆனால் டி.எஸ்.எச். இன்னும் 0.01-தான். அப்படியிருந்தும் டாக்டர் மாத்திரையை 15 மி.கி.யாகக் குறைத்துவிட்டார். என் நாத்தனாருக்கோ 40 மி.கி.யும் கூடவே தைராக்சினும் தருகிறார்கள். யாருடைய வைத்தியம் சரி? இந்த மாத்திரையால் ரத்தத்தில் வெள்ளை அணுக்களே இல்லாமல் போகும் என்று மருந்துக் கடையில் ஒருவர் சொன்னதிலிருந்து தூக்கம் வரவில்லை. மாதாமாதம் ரத்தம் பார்த்தால் போதுமா?*
*– வாசகி, கும்பகோணம்*

சகோதரி, உங்கள் டாக்டர் குறைத்தது சரி. உங்கள் நாத்தனாரின் டாக்டர் செய்வதும் தவறில்லை. ஏன் என்று சொல்கிறேன். அது புரிந்தால் உங்கள் தூக்கத்தைக் கெடுத்த கேள்விக்கும் பாதி விடை கிடைத்துவிடும்.

வீட்டு மாடியில் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. மோட்டாரை நிறுத்திவிட்டீர்கள். உடனே குழாய் வறண்டுவிடுமா? தொட்டியில் இருப்பது தீரும்வரை வந்துகொண்டேதான் இருக்கும். கார்பிமசோல் நிறுத்துவது மோட்டாரை மட்டும்தான். தைராய்டு சுரப்பி புதிதாக ஹார்மோன் தயாரிப்பதை அது தடுக்கிறது. ஏற்கெனவே தயாரித்துச் சேர்த்து வைத்ததை அது தொடுவதில்லை. அதனால்தான் மாத்திரை தொடங்கி முதல் மூன்று நான்கு வாரங்கள் படபடப்பும் கைநடுக்கமும் அப்படியே இருக்கும். அந்த நாட்களைக் கடக்கத்தான் ப்ராப்ரனலால் சேர்த்துத் தருகிறோம். உங்கள் தொட்டி இப்போது வடிந்துவிட்டது. ஃப்ரீ டி4 என்பது ரத்தத்தில் ஓடும் தைராய்டு ஹார்மோனின் அளவு. 1.3 என்பது அதைத்தான் சொல்கிறது.

பிறகு டி.எஸ்.எச். ஏன் ஏறவில்லை? அது மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் உத்தரவு. பல மாதங்களாக ரத்தத்தில் ஹார்மோன் வழிந்தோடியதால் பிட்யூட்டரி அயர்ந்து கிடக்கிறது. டி4 சரியான பிறகும் அது விழித்துக்கொள்ளச் சில மாதங்கள் ஆகும். இந்தக் கட்டத்தில் டி.எஸ்.எச்.சைப் பார்த்து மாத்திரை அளவை முடிவு செய்யக் கூடாது. ஃப்ரீ டி4, டி3 இரண்டையும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். டி.எஸ்.எச். ஏறட்டும் என்று 30 மி.கி.யையே தொடர்ந்திருந்தால் இன்னும் ஒன்றிரண்டு மாதத்தில் ஹார்மோன் குறைவு நிலைக்குப் போயிருப்பீர்கள். உடல் ஊதும், கழுத்து வீக்கம் பெரிதாகும், கண்ணில் பாதிப்பு இருந்தால் அதுவும் கூடும்.

இனி நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை டி4 பார்த்து, 15, 10, 5 என்று படிப்படியாக இறங்குவார்கள். மொத்தம் ஒரு வருடத்திலிருந்து ஒன்றரை வருடம். இது ஒரு வழி. உங்கள் நாத்தனாருக்குச் செய்வது இன்னொரு வழி. மோட்டாரை முழுவதுமாக நிறுத்தி வைத்துவிட்டு, தேவையான தண்ணீரைக் குடத்தில் கொண்டுவந்து ஊற்றுவதுபோல. 40 மி.கி. கார்பிமசோல் சுரப்பியை அடக்கிவிடும். உடலுக்கு வேண்டிய ஹார்மோனைத் தைராக்சின் மாத்திரை தரும். அளவு அடிக்கடி ஏறி இறங்குபவர்களுக்கு இது வசதி. நோய் திரும்பாமல் இருக்கும் வாய்ப்பு இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் இரண்டாவது வழியில் பெரிய அளவு மருந்து நெடுநாள் உள்ளே போகிறது. இந்த மருந்தின் கெடுதல்கள் அளவு கூடக் கூடப் பெருகுபவை. அதனால் பெரும்பாலோருக்கு நான் முதல் வழியையே தேர்ந்தெடுக்கிறேன்.

இப்போது வெள்ளை அணுக்கள். மருந்துக் கடைக்காரர் சொன்னது உண்மை. ஆனால் அவர் பாதியைத்தான் சொன்னார். இந்த மாத்திரை சாப்பிடும் ஆயிரம் பேரில் இரண்டு முதல் ஐந்து பேருக்கு, நியூட்ரோஃபில் என்ற ஒரு வகை வெள்ளை அணு திடீரென்று அடியோடு சரிந்துவிடும். பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களுக்குள். பாக்டீரியாவை முன்னின்று தடுப்பவை அவைதான். ரத்தத்தில் ஒரு மைக்ரோலிட்டருக்கு 500-க்குக் கீழே போய்விட்டால், வாயிலும் தொண்டையிலும் எப்போதும் சாதுவாக இருக்கும் கிருமிகளே ஆளைச் சாய்த்துவிடும்.

நான் பார்த்த ஒரு பெண்மணியைப் பற்றிச் சொல்கிறேன். வயது நாற்பதைத் தாண்டியவர், கார்பிமசோல் 30 மி.கி. தொடங்கி ஆறாவது வாரம். ஞாயிறு இரவு குளிர் காய்ச்சல். மழைக்காலம், ஊரெல்லாம் காய்ச்சல். திங்களன்று தெருமுனை கிளினிக்குக்குப் போனார். “வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா அம்மா?” என்று அந்த டாக்டர் முறைப்படி கேட்டிருக்கிறார். “தைராய்டு மாத்திரை, டாக்டர்” என்று இவரும் உண்மையாகவே பதில் சொல்லியிருக்கிறார்.

தவறு நடந்த இடம் அதுதான். நம் ஊரில் தைராய்டு மாத்திரை என்றால் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்குமேல் தைராக்சின்தான். ஹார்மோன் குறைவுக்கு, காலையில் வெறும் வயிற்றில் போடுகிற மாத்திரை. அது வெள்ளை அணுவை ஒன்றும் செய்யாது. அந்த டாக்டரும் அப்படியே எடுத்துக்கொண்டு அசித்ரோமைசினும் பாராசிட்டமாலும் எழுதினார். பாராசிட்டமாலால் காய்ச்சல் இறங்கிற்று. இவர் கார்பிமசோலையும் விடாமல் போட்டுக்கொண்டிருந்தார்.

புதன் காலை என்னிடம் வந்தபோது எச்சிலை விழுங்க முடியாமல் கைக்குட்டையில் துப்பிக்கொண்டிருந்தார். டார்ச் அடித்துப் பார்த்தேன். டான்சில் மேல் சாம்பல் நிறத்தில் அழுகிய படலம், உள்கன்னத்தில் இரண்டு புண்கள். ஆனால் அவ்வளவு கடுமையான தொண்டைப் புண்ணில் சீழ் என்பதே இல்லை. சீழ் என்பது போரிட்டு மடிந்த நியூட்ரோஃபில்களின் குவியல். போரிட ஆளே இல்லாத இடத்தில் சீழ் எப்படி வரும்? ரத்த முடிவு வருவதற்கு முன்பே எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

முடிவு ஒரு மணி நேரத்தில் வந்தது. மொத்த வெள்ளை அணுக்கள் 1,800. நியூட்ரோஃபில் 4 சதவீதம். 1,800-இல் 4 சதவீதம் எவ்வளவு? 72. குறைந்தது 1,500-ஆவது இருக்க வேண்டிய இடத்தில் 72. மொத்த எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் “கொஞ்சம் குறைவு, வைரஸ் காய்ச்சலாக இருக்கும்” என்று கடந்துபோக முடியும். டெங்குவிலும் மொத்தம் இப்படிக் குறையும். அந்தப் பெருக்கலைப் போட்டால்தான் நிலைமை தெரியும். அதனால் ரத்தம் கொடுக்கும்போது மொத்த எண்ணிக்கையோடு வகைவாரி எண்ணிக்கையும், அதாவது டி.சி.யும், வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள்.

கார்பிமசோலை அன்றே நிறுத்தினோம். தனி அறையில் சேர்த்து, நரம்பு வழியே ஆன்டிபயாடிக், கூடவே எலும்பு மஜ்ஜையைத் தூண்டும் ஃபில்கிராஸ்டிம் ஊசி. ஐந்து நாள் எண்ணிக்கை அசையவே இல்லை. ஆறாம் நாள் 300, எட்டாம் நாள் 1,400. அன்று மதியம் அவர் ரசம் சாதம் சாப்பிட்டதை அறை வாசலில் நின்று பார்த்தேன். பிழைத்துவிட்டார். ஆனால் இந்த மாத்திரை அவருக்கு இனி வாழ்நாளில் கூடாது. இதன் மாற்று மருந்தான புரோப்பைல்தயோயுராசிலும் கூடாது. அதுவும் அதே இனம், அதே கேட்டைச் செய்யக்கூடியது. பிறகு அவருக்குக் கதிரியக்க அயோடின் கொடுத்துச் சுரப்பியை அடக்கினோம்.

மாதாமாதம் பார்த்தால் போதுமா என்று கேட்டிருந்தீர்கள். போதாது. திங்களன்று சரியாக இருந்த எண்ணிக்கை அந்த வாரக் கடைசிக்குள் சரிந்துவிடக்கூடும். சில டாக்டர்கள் தொடக்க மாதங்களில் பார்க்கிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் “போன வாரம்தானே பார்த்தேன், நார்மல்” என்ற நினைப்பில் காய்ச்சலை அலட்சியம் செய்தால் அந்தப் பரிசோதனையே எமனாகிவிடும். மாத்திரை தொடங்கும் முன் ஒருமுறை எண்ணிக்கை எடுத்திருக்க வேண்டும். அந்தத் தாளைத் தேடி எடுத்து வையுங்கள். கிரேவ்ஸ் நோயே சிலருக்கு நியூட்ரோஃபிலைச் சற்றுக் குறைத்திருக்கும். பிறகு வரும் குறைவு மருந்தாலா நோயாலா என்று பிரித்தறிய அது உதவும்.

உங்களைக் காப்பது இதுதான்: காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டாலோ, தொண்டை வலித்தாலோ, வாய்ப்புண் வந்தாலோ, அடுத்த வேளை கார்பிமசோலைப் போடாதீர்கள். அன்றைக்கே, இரவானாலும், ரத்தம் கொடுங்கள். பாராசிட்டமால் போட்டுக் காய்ச்சல் இறங்கிவிட்டது என்று பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம். ஒன்றிரண்டு வேளை விட்டால் தைராய்டு ஏறிவிடுமோ என்று பயப்படாதீர்கள். மோட்டார் மறுபடி ஓடினாலும் தொட்டி ஒரே நாளில் நிரம்பாது. எண்ணிக்கை நன்றாக இருந்தால், அது சாதாரணக் காய்ச்சல்தான். டாக்டரிடம் சொல்லிவிட்டுப் பழைய அளவையே தொடரலாம். பெரும்பாலும் அப்படித்தான் முடியும். பயத்தில் நீங்களாகவே வாரக்கணக்கில் நிறுத்துவதுதான் ஆபத்து. அடங்கியிருந்த நோய் சீறிக்கொண்டு வரும்.

எந்த டாக்டரிடம் போனாலும், பல் டாக்டராக இருந்தாலும், “கார்பிமசோல் சாப்பிடுகிறேன், ஹார்மோனைக் குறைக்கும் மாத்திரை” என்று சொல்லுங்கள். மாத்திரை அட்டையையே கையில் கொடுங்கள். அந்தப் பெண்மணி அட்டையைக் காட்டியிருந்தால் இரண்டு நாள் வீணாகியிருக்காது.

உங்கள் வயதைப் பார்த்து இன்னொன்றும் கேட்கத் தோன்றுகிறது. குழந்தைக்குத் திட்டமிருந்தால் இப்போதே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். கருவின் முதல் வாரங்களில் கார்பிமசோல் குழந்தைக்குக் குறைபாடு உண்டாக்கக்கூடும். அதற்கு முன்பே மருந்தை மாற்றிக்கொள்ள வழி உண்டு. கண் மஞ்சளாகவோ சிறுநீர் அடர் மஞ்சளாகவோ தெரிந்தாலும் அன்றே போங்கள், இந்த மருந்துகள் ஈரலையும் தாக்குவது உண்டு. தோலில் அரிப்பும் தடிப்பும் மட்டும் வந்தால் கலங்க வேண்டாம். பெரும்பாலும் ஒவ்வாமை மாத்திரையிலேயே அடங்கிவிடும்.

ஏழு வாரம் கடந்துவிட்டீர்கள். இன்னும் ஐந்தாறு வாரம் கூடுதல் கவனம் வேண்டும். அதன் பிறகும் காய்ச்சல் விதி மாறாது. ஒன்றரை வருடம் முடித்து மாத்திரையை நிறுத்தியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு நோய் திரும்புகிறது. உங்களுக்கும் அப்படித் திரும்பி, மறுபடி கார்பிமசோல் எழுதினால், “முன்பு ஒன்றும் ஆகவில்லையே” என்று இருந்துவிடாதீர்கள். முதல்முறை எந்தத் தொல்லையும் இல்லாதவர்களுக்கு இரண்டாம்முறை அணுக்கள் சரிந்தது உண்டு. அந்த மூன்று மாதத்தை அன்றிலிருந்து புதிதாக எண்ணத் தொடங்குங்கள்.