பால் கொடுத்தும் எடை குறையாதது ஏன்?

"தாய்ப்பால் கொடுத்தால் எடை தானாகக் குறையும் என்கிறார்கள். எனக்கு மட்டும் ஏன் குறையவில்லை?"

கலோரி என்பது உணவு தரும் ஆற்றலின் அளவு. 100 மி.லி. தாய்ப்பாலில் சுமார் 65 கலோரி இருக்கும். தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் குழந்தை நாளுக்கு 750 மி.லி. குடித்தால், பாலோடு ஏறக்குறைய 490 கலோரி போகிறது. அடுப்புத் தீ முழுவதும் பாத்திரத்தில் ஏறாது அல்லவா? அதுபோல பாலை உருவாக்கும் வேலைக்கும் ஆற்றல் செலவாவதால், மொத்தம் 600ஐத் தொடும்.

அதில் ஒரு பங்கை கர்ப்பகாலத்தில் சேர்ந்த கொழுப்பு தந்தால்தான் எடை இறங்கும். பால் கொடுக்கும்போது பசி நன்றாகவே எடுக்கும். முழுவதையும் சாப்பாடே ஈடுகட்டிவிட்டால் எடை அசையாது. அது உங்கள் தவறல்ல.

இணை உணவு தொடங்கி, பால் 400 மி.லி.யாகக் குறைந்தால் செலவும் பாதியாகிவிடும். பழைய அளவிலேயே சாப்பிட்டால் அப்போது எடை கூடக்கூடும்.

இருவர் பங்கைச் சாப்பிட்டால் பால் பெருகும் என்பது தவறு. குழந்தை எவ்வளவு குடிக்கிறதோ அதை ஒட்டியே பால் சுரக்கும்.