கார்டின் முதல் எண்களில் நாடு எங்கே இருக்கிறது?

கேள்வி: என் வலைத்தளத்தில் மின்நூல்கள் விற்கிறேன். நேற்று வந்த ஓர் ஆர்டரில் முகவரி அயர்லாந்து. ஆனால் கார்டின் முதல் ஆறு எண்களை ஓர் இலவசத் தளத்தில் போட்டுப் பார்த்தால் லித்துவேனியா என்கிறது. திருட்டுக் கார்டா? ஆர்டரை ரத்து செய்துவிடவா?

பதில்: இந்த ஒரு காரணத்துக்காக ரத்து செய்யாதீர்கள். அயர்லாந்தில் குடியிருப்பவர் கையில் லித்துவேனியக் கார்டு இருப்பது இன்று சர்வசாதாரணம். ஏன் என்று புரிய, அந்த முதல் எண்களுக்குள் உண்மையில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம்.

கார்டு எண்ணின் தொடக்கப் பகுதியை பி.ஐ.என். என்பார்கள். (வாயால் சொல்லும்போது ‘பின்’ என்றாகி, ஏ.டி.எம்.மில் அடிக்கும் ரகசிய எண்ணோடு குழம்பிவிடும்; அதனால் எழுத்து எழுத்தாகவே எழுதுகிறேன்.) கார்டை வழங்கியது எந்த வங்கி என்பதைக் குறிக்கத்தான் அது. முதல் இலக்கம் 4 என்றால் விசா. 51 முதல் 55 வரை, அல்லது 2221 முதல் 2720 வரை தொடங்கினால் மாஸ்டர்கார்டு. 34, 37 என்றால் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ். அதற்குப் பின்வரும் இலக்கங்கள், அந்த நிறுவனம் தன் உறுப்பினர் வங்கிக்கு ஒதுக்கிக் கொடுத்த தொகுதி. இதில் நாட்டுக்கென்று தனி இடமே கிடையாது. தொலைபேசியில் 91 என்றால் இந்தியா என்பதுபோல எண்ணைப் பார்த்து நாட்டைப் படிக்க முடியாது. இந்தத் தொகுதி இந்த வங்கிக்கு, அந்த வங்கி இந்த நாட்டில் என்று ஒரு பட்டியல் இருக்கிறது; நாடு அந்தப் பட்டியலில்தான் இருக்கிறது.

ஒரு எடுத்துக்காட்டைச் செய்தே பார்ப்போம். binlist.net என்ற தளம் தன் விளக்கப் பக்கத்தில் மாதிரிக்காக 45717360 என்ற எண்ணைத் தருகிறது. கணினியின் கட்டளைச் சாளரத்தில் அதை இப்படிக் கேட்கலாம்:

```
curl -H "Accept-Version: 3" https://lookup.binlist.net/45717360
```

அந்த விளக்கப் பக்கம் காட்டும் மாதிரிப் பதிலில் நமக்கு வேண்டிய பகுதி:

```
"scheme": "visa",
"brand": "Visa/Dankort",
"country": {
  "numeric": "208",
  "alpha2": "DK",
  "currency": "DKK"
}
```

டென்மார்க். அந்த நாட்டின் சர்வதேசக் குறியெண் 208. இப்போது 45717360 என்பதை மறுபடி பாருங்கள். அதற்குள் 208 எங்கும் இல்லை. எண் சொன்னது ‘விசா, இன்ன தொகுதி’ என்பதை மட்டும். டென்மார்க் என்றது பட்டியல். டான்கார்ட் என்பது டென்மார்க்கின் சொந்த டெபிட் கார்டு முறை என்பதால் இங்கே இன்னொரு சாட்சியும் கிடைத்தது. எல்லாக் கார்டிலும் அப்படிக் கிடைக்காது.

நாடு எண்ணுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும் இடம் ஒன்று உண்டு: 9-இல் தொடங்கும் எண்கள். கார்டு எண்களுக்கான ஐ.எஸ்.ஓ. 7812 தரத்தில், 9-க்கு அடுத்த மூன்று இலக்கங்கள் நாட்டின் குறியெண்ணாக இருக்க வேண்டும். துருக்கியின் குறியெண் 792. அந்நாட்டின் ட்ராய் கார்டுகள் 9792 என்று தொடங்குகின்றன. உஸ்பெகிஸ்தானின் குறியெண் 860. அங்குள்ள ஹூமோ கார்டு 9860. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இவை பெரும்பாலும் உள்நாட்டுக் கார்டுகள், உங்கள் கடைக்கு வருவது அபூர்வம்.

சரி, அந்தப் பட்டியல் எங்கே சறுக்கும்? முதலாவது, நீளம். பி.ஐ.என். வெகுகாலம் ஆறு இலக்கமாக இருந்தது. 2017-இல் தரம் திருத்தப்பட்டு எட்டானது. விசாவும் மாஸ்டர்கார்டும் 2022 ஏப்ரலை ஒட்டி அதற்கு மாறின. ஒரு ஆறிலக்கத் தொகுதிக்குள் நூறு எட்டிலக்கத் தொகுதிகள் அடங்கும். அவை நூறும் ஒரே வங்கிக்கு, ஒரே நாட்டுக்குப் போயிருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. எனவே ஆறு எண்களை மட்டும் வைத்துத் தேடுவது தெருப் பெயரை மட்டும் வைத்து வீட்டைத் தேடுவதுபோல. எட்டு கிடைத்தால் எட்டையும் போடுங்கள். எட்டுக்கு மேல் ஓர் இலக்கம்கூட எந்தத் தளத்திலும் போடாதீர்கள். அதற்குத் தேவையும் இல்லை. அப்புறம், இலவசத் தளங்களின் பட்டியல் கார்டு நிறுவனங்களின் அதிகாரபூர்வப் பட்டியல் அல்ல, அங்கங்கே திரட்டியது. வங்கிகள் இணைந்த பிறகும், தொகுதி கைமாறிய பிறகும் பழைய பெயரே நின்றுகொண்டிருக்கும். இரண்டு தளங்களில் இரண்டு நாடு வந்தால் நான் இரண்டையும் நம்ப மாட்டேன்.

பட்டியல் சரியாகவே இருந்தாலும் அது சொல்வது வழங்கிய வங்கியின் நாட்டை. கார்டு வைத்திருப்பவர் எங்கே வசிக்கிறார் என்று அதற்குத் தெரியாது. உங்கள் ஆர்டரில் நடந்தது பெரும்பாலும் இதுதான். ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு நாட்டில் வங்கி உரிமம் பெற்றால் மற்ற உறுப்பு நாடுகளிலும் சேவை தரலாம். செயலி வழியாக இயங்கும் ரெவலூட் வங்கியின் ஐரோப்பிய உரிமம் லித்துவேனியாவில் பெறப்பட்டது. ஆகவே டப்ளினில் இருப்பவர் கார்டுக்கும் பட்டியலில் லித்துவேனியா என்று வரலாம். வேலைக்காக நாடு மாறியவர் பழைய கார்டையே வைத்திருப்பதும் இதே வகை.

நீங்கள் செய்யக்கூடியது இது. உங்கள் கட்டணச் சேவையே கார்டின் நாட்டைச் சொல்கிறதா என்று முதலில் பாருங்கள். ஸ்ட்ரைப் என்றால் பரிவர்த்தனை விவரத்தில் `payment_method_details.card.country` என்ற இடத்தில் இரண்டெழுத்துக் குறியாக இருக்கும். இலவசத் தளத்தைவிட அதை நம்பலாம். அந்த நாட்டை முகவரியோடும், ஆர்டர் வந்த ஐ.பி. முகவரியின் நாட்டோடும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முகவரியும் ஐ.பி.யும் அயர்லாந்து, கார்டு மட்டும் லித்துவேனியா என்றால் எனக்கு உறுத்தாது. மூன்றும் மூன்று நாடாக இருந்தால் 3டி செக்யூர் சரிபார்ப்புக்கு அனுப்புவேன். வாங்குபவர் தன் வங்கியின் செயலியிலோ ஓ.டி.பி. மூலமோ ஒப்புதல் தருவது அது. அதில் தேறிய பரிவர்த்தனையைப் பின்னாளில் ‘நான் செய்யவில்லை’ என்று மறுத்தால், நஷ்டம் பொதுவாக வழங்கிய வங்கியின் பக்கம் போகும், உங்கள் பக்கம் அல்ல.

நாட்டைவிட நான் அதிகம் கவனிப்பது வேறொன்று. பத்து நிமிடத்துக்குள் ஒரே எட்டு எண்களில் தொடங்கும் பல கார்டுகள், கடைசி நான்கு மட்டும் மாறிமாறி, வரிசையாக நிராகரிக்கப்பட்டு நடுவே ஒன்றிரண்டு தேறினால், யாரோ ஒரு தொகுதியைப் பிடித்துக்கொண்டு மீதி இலக்கங்களை இயந்திரத்தால் உருவாக்கி உங்கள் கடையில் சோதித்துப் பார்க்கிறார்கள். கார்டு எண்ணின் கடைசி இலக்கம், முந்தைய இலக்கங்களிலிருந்து லூன் என்ற எளிய சூத்திரப்படி கணக்கிடப்படுவது. ஒப்புக்கொள்ளும்படியான எண்களை உருவாக்க அது தடையே இல்லை. விலை குறைந்த மின்நூல் இவர்களுக்கு மிகவும் வசதி. அப்போது நாடு சரியாகவே பொருந்தினாலும் அந்தத் தொகுதியைச் சில மணி நேரம் தடுத்து வையுங்கள், தேறிய ஒன்றிரண்டு தொகையை நீங்களாகவே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நேற்றைய ஆர்டர் தனியாக வந்து, முதல் முயற்சியிலேயே தேறி, ஐ.பி.யும் அயர்லாந்து என்றால் நூலை அனுப்பிவிடலாம்.