ஃபிரிட்ஜில் வைத்தும் வெங்காயம் கண்ணை எரிக்கிறதா?

"பெரிய வெங்காயத்தைப் பத்து நிமிஷம் ஃபிரிட்ஜில் வைத்துத்தான் நறுக்குகிறேன், ஆனாலும் கண்ணீர் கொட்டுகிறது, ஏன்?"

பத்து நிமிஷம் போதாது. மேல் தோல்தான் குளிர்ந்திருக்கும், உள்ளே அப்படியே இருக்கும். தோல் உரிக்காமல் முழுசாக அரை மணி நேரமாவது வையுங்கள்.

கத்தி பட்டு வெங்காயத்தின் செல்கள் உடைந்ததும், அதுவரை தனித்தனியாக இருந்த கந்தகச் சேர்மமும் நொதிகளும் கலந்து ஒரு வாயு உண்டாகிறது, அது கண்ணின் ஈரத்தில் பட்டு எரிச்சலூட்ட, அதைக் கழுவத்தான் கண்ணீர் வருகிறது. குளிரில் நொதி மெதுவாக வேலை செய்யும், வாயுவும் அவ்வளவாகக் கிளம்பாது.

சரியாகக் குளிர்ந்ததா என்று பார்க்க, இரண்டாக வெட்டியதும் நடுக்குருத்தைத் தொடுங்கள். விரலில் சில்லென்று படவில்லையென்றால் நேரம் பத்தவில்லை. சில்லென்று இருந்தும் எரிந்தால் கத்தியைப் பாருங்கள்: மழுங்கிய கத்தி வெங்காயத்தை நசுக்கிச் சாற்றைத் தெறிக்கவிடும், அதைக் குளிர் தடுக்காது. நன்றாகத் தீட்டி, அவசரப்படாமல் நறுக்குங்கள்.

அப்புறம் ஒன்று, குளிர வைத்தால் எரிச்சல் குறையும், அடியோடு போகாது. நறுக்கியதை அப்படியே விட்டால் சூடேறி மறுபடி கிளம்பும், அதனால் ஒவ்வொன்றாக எடுங்கள். அதற்காக மூட்டையையே ஃபிரிட்ஜில் போட்டுவிடாதீர்கள், ஈரத்தில் கொழகொழத்துவிடும்.