முனை உள்ளேயா, வெளியேயா? முடிவில்லாத இடைவெளிகள் பற்றிய கேள்வி பதில்

சார், n = 1, 2, 3, … என்று போகும்போது ∪ [1/n, 1] எவ்வளவு? [0, 1] தானே? n முடிவிலி ஆனால் 1/n பூஜ்யம் ஆகிவிடுமே. விடைத்தாளில் (0, 1] என்று இருக்கிறது.

விடைத்தாள் சரிதான். சேர்ப்பில் 0 வர வேண்டுமென்றால், குறைந்தது ஓர் இடைவெளியிலாவது 0 இருக்க வேண்டும். [1/5, 1]-இல் இல்லை, [1/1000, 1]-இலும் இல்லை. முடிவிலியாவது இடைவெளி என்று ஒன்று இந்த வரிசையில் கிடையவே கிடையாது. ஆனால் 0.003-ஐ எடுத்துப் பாருங்கள்: 1/334 அதைவிடச் சிறியது, அதனால் 334-ஆவது இடைவெளியில் அது மாட்டிக்கொள்ளும். 0-ஐ விட்டு எவ்வளவு கொஞ்சம் நகர்ந்தாலும் இப்படி ஒரு n கிடைத்துவிடும்.

அப்படியானால் மூடிய இடைவெளிகளின் சேர்ப்பு முனையை இழக்கும், திறந்தவற்றின் வெட்டு முனையைப் பெறும் என்று வைத்துக்கொள்ளலாமா? ∩ (−1/n, 1 + 1/n) = [0, 1] வருகிறதே.

உங்கள் எடுத்துக்காட்டு சரி, விதி பாதிதான் சரி. ∩ (0, 1 + 1/n) போட்டுப் பாருங்கள். எல்லா இடைவெளியிலும் 1 இருக்கிறது, எதிலும் 0 இல்லை, விடை (0, 1]. இடது முனை நகரவே இல்லை, அதனால் அங்கே அடைப்புக்குறி சொன்னதுதான் தீர்ப்பு. வலது முனை 1-ஐ நோக்கி இறங்கிக்கொண்டே வருகிறது, ஆனால் 1-ஐத் தொடுவதில்லை. அங்கே அடைப்புக்குறிக்கு வேலையே இல்லை. 1.02-ஐ வெளியே தள்ள, திறந்த இடைவெளியானால் n = 50 போதும்; மூடியதானால் n = 51 வேண்டும். வித்தியாசம் அவ்வளவுதான், விடை மாறாது.

இதனால்தான் முனைகள் எங்கே போய்ச் சேர்கின்றன என்று முதலில் பார்த்துவிட்டு, அந்தப் புள்ளியை மட்டும் தனியாக வைத்துச் சோதிக்கச் சொல்வேன். சேர்ப்பு என்றால் ஒன்றிலாவது இருக்கிறதா? வெட்டு என்றால் எல்லாவற்றிலும் இருக்கிறதா? ∩ (0, 1/n)-இல் 0 எதிலுமே இல்லை. மற்ற நேர் எண்கள் ஒவ்வொன்றாக வெளியேறிவிடுகின்றன. மிஞ்சுவது வெற்றுக்கணம்.

எங்கள் பரீட்சையில் ∪ [0, r], r ∈ (0, 1) என்று கேட்டார்கள். இதற்கும் n-ஆவது இடைவெளி தேடி r = 1 − 1/n என்று மாற்றி [0, 1) எழுதினேன். மார்க் கிடைக்குமா?

விடை சரி. மாற்றவே தேவையில்லை, r = 1 என்ற இடைவெளி இங்கே இல்லை என்பதே போதும். மாற்றுவதானால், எந்த r-க்கும் அதைவிடப் பெரிய 1 − 1/n உண்டு என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். அது இல்லாததற்கு மார்க் குறைப்பார்களா என்பது திருத்துபவரைப் பொறுத்தது. கேள்வியில் r ∈ (0, 1] என்று இருந்திருந்தால் விடை [0, 1].

விகிதமுறு எண்களை r₁, r₂, … என்று பட்டியலிட்டு ∪ (rₙ − 1/2ⁿ, rₙ + 1/2ⁿ) எடுத்தால் மெய்யெண்கள் எல்லாம் வந்துவிடுமா? √2 வருமா?

எல்லாம் வராது. நீளங்களை எல்லாம் கூட்டினாலும் 2-தான். √2 விஷயம் உங்கள் பட்டியலைப் பொறுத்தது. முதலிலேயே 1.4-ஐ வைத்தால் √2 உள்ளே வந்துவிடும். √2-க்குப் பக்கத்தில் இருப்பவற்றை வேண்டிய அளவு பின்னால் தள்ளிவைத்தால் வெளியே நிற்கும். உங்கள் பட்டியல் எது என்று சொல்லுங்கள், பார்க்கலாம்.