“அடுத்ததாக…”

அன்புள்ள ஐயா,
கோத்தகிரியில் ஆசிரியையாக இருக்கிறேன். எங்கள் மலையைப் பற்றி பவர்பாயின்ட் ஸ்லைடு போட்டு 20 நிமிடம் பேசினேன். சோலை, புல்வெளி, சீகை மரம், குறிஞ்சி, ஓடைகள் என்று ஐந்து பகுதி. ஒவ்வொரு பகுதி முடியும்போதும் “அடுத்ததாக…” என்று சொல்லிவிட்டு நின்றுவிட்டேன். இத்தனைக்கும் நோட்ஸ் எழுதி வைத்திருந்தேன்.
ஒரு வாசகி

அன்புள்ள டீச்சர்,

ஒரு பகுதியிலிருந்து அடுத்த பகுதிக்குக் கொண்டுபோகும் இணைப்பு வாக்கியத்தை அடுத்த ஸ்லைடின் நோட்ஸில், முதல் வரியாக எழுதியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பவர்பாயின்ட்டின் பிரசென்டர் வியூவில் இப்போது ஓடுகிற ஸ்லைடின் நோட்ஸ் மட்டுமே தெரியும். அடுத்த ஸ்லைடு சின்னப் படமாகத் தெரியும், அவ்வளவுதான். பட்டனை அழுத்திய பிறகுதான் அந்த வரி உங்கள் கண்ணில் படும். அதற்குள் கூட்டம் புதுப் படத்துக்குப் போய்விட்டிருக்கும். ஆகவே அதை முந்தைய ஸ்லைடு நோட்ஸின் கடைசி வரியாக எழுதுங்கள். சொல்லி முடித்த பிறகு பட்டனை அழுத்துங்கள். நோட்ஸ் நீண்டுவிட்டால் அந்த வரி கீழே மறைந்துபோகும். மற்ற விஷயங்களை நாலைந்து சொற்களாகக் குறைத்துவிடுங்கள். இணைப்பை மட்டும் முழு வாக்கியமாக, வகுப்பில் பேசுகிற மாதிரியே எழுதுங்கள். “அமைந்துள்ளது” என்று எழுதினால் மேடையில் வாய் தடுக்கும்.

சரி, அந்த வாக்கியத்தில் என்ன இருக்க வேண்டும்? இதுவரை சொன்னதில் ஒரு துண்டு, அதிலிருந்து கேட்பவருக்கு எழும் கேள்வி. புல்வெளியிலிருந்து சீகைக்குப் போகும்போது “இப்ப சீகையைப் பார்ப்போம்” என்பது வெறும் அறிவிப்பு. இப்படிச் சொல்லிப் பாருங்கள்: “இந்தப் புல்வெளி மழைத்தண்ணியைப் பிடிச்சு வச்சு மெதுவா விடுது. ஆனா வெள்ளைக்காரங்க கண்ணுக்கு இது சும்மா கிடக்கிற நிலமாத்தான் தெரிஞ்சுது. அதுல என்ன நட்டாங்க?” இப்போது சீகையும் கற்பூர மரமும் திரையில் வந்தால் அது பதிலாக வருகிறது.

எழுதியது சரியா என்று பார்க்க, அதே வாக்கியத்தை வேறு இரண்டு பகுதிகளுக்கு நடுவே வைத்துப் பாருங்கள். அங்கேயும் பொருந்தினால் அது எதையும் இணைக்கவில்லை. “அடுத்ததாக” எங்கேயும் பொருந்தும்.

எவ்வளவு முயன்றும் வாக்கியம் வராத இடம் ஒன்று இருக்கும். உங்களுக்கு அது சீகைக்கும் குறிஞ்சிக்கும் நடுவில் என்று ஊகிக்கிறேன். அங்கே குறை வாக்கியத்தில் இல்லை, வரிசையில். 12 வருடத்துக்கு ஒருமுறை பூக்கிற குறிஞ்சி புல்வெளிச் செடி. படம் அழகாக இருக்கிறதே என்று நடுவில் வைத்திருப்பீர்கள். எனக்கும் அந்தப் பலவீனம் உண்டு. அதைப் புல்வெளிப் பகுதிக்குள் கொண்டுபோய்விட்டால் சீகைக்குப் பிறகு நேராக ஓடை வரும். அப்புறம் அந்த இடத்துக்கு ஒரு வரி போதும்: “புல் இருந்த இடத்துல மரம் வந்துடுச்சு. அப்ப கீழே ஓடுற தண்ணிக்கு என்ன ஆச்சு?”